புதுத் தூணில் விரிசல்: ஸ்ட்ரக்சரல் இன்ஜினியருக்குக் கடிதம் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தூண் வார்க்கக் கட்டிய பில்லர் பாக்ஸைப் பிரித்து ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருக்கும். தண்ணீர் விடும்போது பார்த்தால் தூணில் கோடு கோடாக விரிசல். மேஸ்திரி "இது சும்மா மேல்கீறல் சார், பூசிட்டா தெரியாது" என்கிறார். உங்களுக்கு மனசு கேட்கவில்லை. உடனே போனில் ஒரு படம் எடுத்து, டிராயிங் போட்டுக் கொடுத்த இன்ஜினியருக்கு அனுப்பி "சார், இது பரவாயில்லையா?" என்று கேட்கிறீர்கள். அவர் "நேர்ல பார்க்கணும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படத்தில் அது எந்தத் தூண், தரையிலிருந்து எத்தனை அடி உயரம், கோட்டின் அகலம் என்ன, தூண் வார்த்து எத்தனை நாள், மேலே பாரம் ஏறிவிட்டதா என்று எதுவுமே தெரியாது. இதெல்லாம் தெரியாமல் பொறுப்புள்ள இன்ஜினியர் யாரும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல மாட்டார்.

இதையெல்லாம் அவருக்குச் சொல்லத்தான் கடிதம். காகிதத்திலோ மின்னஞ்சலிலோ எழுதலாம், ஆனால் தேதியோடு எழுத்தில் இருக்க வேண்டும். விரிசல் ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பின்னால் யாராலும் மீட்டெடுக்க முடியாத விவரங்களை இப்போதே பதிவு செய்து கொடுப்பது உங்கள் வேலை.

கடிதத்துக்கு முன்னால் எதை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது

முதலில் பூச்சை நிறுத்துங்கள். சிமெண்ட் பாலைப் பிரஷ்ஷில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தாலும் போதும், விரிசலின் ஓரம், அகலம், நிறம் எல்லாம் மறைந்துவிடும். அப்புறம் இன்ஜினியர் வந்து பார்ப்பது மேஸ்திரி தீட்டிய சாம்பல் பட்டையைத்தான். "இன்ஜினியர் பார்க்கிற வரைக்கும் இந்தத் தூணை யாரும் தொட வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், முடிந்தால் சாக்பீஸால் தூணிலேயே எழுதி வையுங்கள்.

அடுத்ததாக, மேலே பாரம் ஏறுவதை நிறுத்துங்கள். பீம் கம்பி கட்டுவது ஒரு நாள் தள்ளிப்போனால் கூலி நஷ்டம் கொஞ்சம்தான். ரூஃப் கான்கிரீட் போட்ட பிறகு தூணைச் சரிசெய்ய வேண்டி வந்தால், முட்டுக் கொடுத்து, தளத்தைத் தாங்க வைத்து, அதற்கப்புறம்தான் உடைக்க முடியும். செலவு பல மடங்கு.

தண்ணீர் விடுவதை மட்டும் நிறுத்தவே கூடாது. விரிசல் தெரிகிறது என்ற பதற்றத்தில் சாக்கை அவிழ்த்துப் போட்டுத் தூணை வெயிலில் காயவிடுகிறவர்கள் உண்டு, இது இருக்கிற சிக்கலோடு இன்னொன்றைச் சேர்ப்பது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன் படி சாதா ஓ.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், பி.பி.சி. மாதிரி கலப்புச் சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் அதற்கும் மேலே ஈரம் இருக்க வேண்டும். நம் ஊரில் வீட்டு வேலைக்கு வரும் மூட்டை பெரும்பாலும் பி.பி.சி.தான். பார்க்க வேண்டிய பக்கத்துச் சாக்கை மட்டும் விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தளம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, தூணில் சாய்வான விரிசல் அல்லது மூலையோரமாக நெடுக்கு விரிசல் இருக்கிறது, கான்கிரீட் உதிர்கிறது, நேற்றைவிட இன்று அகலமாகத் தெரிகிறது என்றால் உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டாம். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு இன்ஜினியருக்குப் போன் செய்யுங்கள். முட்டுக் கொடுப்பதும் அவர் சொல்லும் இடத்தில், சொல்லும் முறையில் நடக்கட்டும். கடிதத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

விரிசலைப் பார்ப்பதும் அளப்பதும்

காய்ந்த தூணில் மயிரிழை விரிசல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நன்றாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். மேற்பரப்பு வெளுத்துக் காய்ந்து வரும், விரிசலுக்குள் போன தண்ணீர் மட்டும் சீக்கிரம் காயாது. அந்த நேரத்தில் கோடுகள் கறுப்பாக, பேனாவால் வரைந்த மாதிரி பளிச்சென்று தெரியும். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் இதற்கு வசதி. நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கோடு மூலையைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போகிறதா என்பது மிக முக்கியம்.

கோடு தெரியும்போதே அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னதாகக் குறுக்குக்கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நாளை, நாளன்றைக்குப் பார்க்கும்போது விரிசல் அந்தக் குறியைத் தாண்டிப் போயிருந்தால் அது வளர்கிறது என்று அர்த்தம். விரிசல் வளர்கிறதா என்பது இன்ஜினியர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, அதற்கு ஒரு பென்சில் போதும்.

அகலம் அளக்க, கோடுகள் அச்சடித்த பிளாஸ்டிக் அட்டை ஒன்று கிடைக்கும், சோதனைக் கூடங்களில் எல்லாம் வைத்திருப்பார்கள். அதில் 0.1, 0.2, 0.3 மி.மீ. என்று கோடுகள் இருக்கும், விரிசல் பக்கத்தில் வைத்து எது ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். அது இல்லையென்றால் சாதாரண ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, தாள்களை அடுக்கி ஓரத்தை விரிசல் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். தோராயம்தான், ஆனால் "மெல்லிசா இருக்கு" என்பதைவிட "ரெண்டு தாள் தடிமன்" என்பது எவ்வளவோ மேல். 0.3 மி.மீ. என்ற எண்ணை மனசில் வையுங்கள். பொதுவான இடங்களில் விரிசல் அகலத்துக்கு ஐ.எஸ். 456 வைத்திருக்கும் வரம்பு அது. எப்போதும் ஈரம் படும் இடத்துக்கு 0.2. ஆனால் வரம்புக்குள் இருப்பதால் மட்டுமே நல்ல விரிசல் ஆகிவிடாது, அந்த வரம்பு முக்கியமாகக் கம்பி துருப்பிடிப்பதை நினைத்து வைத்தது. விரிசல் வந்த காரணத்தை அது சொல்லாது.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு விரிசலுக்கும் ரெண்டு படம் வேண்டும். ஒன்று, தூண் முழுதும், பக்கத்தில் டேப் நீட்டிய நிலையில் தூரத்திலிருந்து. இன்னொன்று, விரிசல் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து நேருக்கு நேராக, கிட்டத்தில். கிட்டப் படம் மட்டும் அனுப்பினால் அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் புரியாது.

கோட்டின் திசை என்ன சொல்லும்

நீங்கள் காரணம் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொன்னேன். ஆனாலும் எதைக் கவனித்து எழுத வேண்டும் என்று தெரிய, காரணங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 9 அங்குலத்துக்கு 12 அங்குலம், அதாவது 230க்கு 300 மி.மீ. தூண், உயரம் 10 அடி. கான்கிரீட் கன மீட்டருக்கு 2500 கிலோ என்று வைத்தால் தூணின் எடை அரை டன்னுக்குச் சற்று மேலே. அது அடிமட்டத்தில் கொடுக்கும் அழுத்தம், எம்20 கான்கிரீட் 28 நாளில் தாங்க வேண்டிய அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே தளம் போடுவதற்கு முன்னால், தன் எடையை மட்டும் சுமந்து நிற்கும் தூணில் வந்த விரிசல் பாரத்தால் வந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கான்கிரீட் இறுகும் முன் அது அமர்ந்தது, வார்ப்பில் இடைவெளி விழுந்தது, பாக்ஸ் அசைந்தது, கம்பியை யாரோ ஆட்டியது, ஈரம் போதாதது, இப்படிப்பட்ட காரணங்கள்தான் முதலில் வரும். தளம் ஏறிய பிறகு வந்த விரிசல் என்றால் கதை வேறு. அதனால்தான் "தற்போது தூணின் மேல் என்ன இருக்கிறது" என்ற ஒரு வரி கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

படுக்கைவாட்டு விரிசல்தான் புதுத் தூணில் அடிக்கடி காண்பது. கான்கிரீட்டை ஊற்றி முடித்ததும் ஜல்லியும் சிமெண்டும் கீழே அமரும், தண்ணீர் மேலே கசியும். அமரும் கான்கிரீட்டை, நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங் கம்பி தடுத்து நிறுத்துகிறது, ரிங்குக்குக் கீழே உள்ளது இறங்கிவிடுகிறது, அந்த இடத்தில் ஒரு படுக்கைக் கோடு கிழிகிறது. இது முதல் சில மணி நேரத்திலேயே நடந்து முடிந்துவிடும், பாக்ஸ் பிரித்த பிறகுதான் நம் கண்ணில் படும். கலவையில் தண்ணீர் அதிகமானாலும், வைப்ரேட்டர் சரியாக ஓடாவிட்டாலும், ரிங்குக்கு வெளியே அதை மூடியிருக்கும் கான்கிரீட்டான கவர் குறைந்தாலும் இது கூடும். அடையாளம் என்னவென்றால், கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம் ரிங் இடைவெளியோடு ஒத்துப்போகும். டிராயிங்கில் ரிங் 6 அங்குலத்துக்கு ஒன்று என்று இருந்து, விரிசலும் 6 அங்குலத்துக்கு ஒன்றாக இருந்தால் இன்ஜினியருக்கு அந்த ஒரு தகவலே பாதி வேலையை முடித்துவிடும். ஆகவே கோடு எத்தனை என்பதோடு ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் அளந்து எழுதுங்கள்.

இதே படுக்கைவாட்டில், ஒரே ஒரு கோடு மட்டும் தூணைச் சுற்றி வளைத்து மூன்று நான்கு பக்கமும் போனால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். பாதி ஊற்றிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனார்கள், மிக்ஸர் நின்றது, ஜல்லி தீர்ந்தது, திரும்பி வந்து ஊற்றும்போது கீழே இருந்தது இறுக ஆரம்பித்துவிட்டது, புதுசும் பழசும் ஒட்டவில்லை. இதற்குக் கோல்ட் ஜாயிண்ட் என்று பெயர். கோட்டுக்கு மேலும் கீழும் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், சில இடத்தில் ஜல்லி துருத்தும், விரலால் தடவினால் சின்னப் படி மாதிரி தட்டுப்படும். ரிங் இடத்துக் கோடு பெரும்பாலும் கவரோடு நின்றுவிடும். கோல்ட் ஜாயிண்ட் தூணின் உள்ளே வரை போயிருக்கலாம் என்பதால் கூடுதல் அக்கறை வேண்டும்.

மூலையோரம் நெடுக்காக ஓடும் விரிசல் புதுத் தூணில் இருந்தால், பாக்ஸைக் கடப்பாரை போட்டு நெம்பினார்களா, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பிடித்து யாராவது ஏறினார்களா, வளைத்தார்களா என்று விசாரித்து எழுதுங்கள். சாய்வாகப் போகும் விரிசல் எந்த அகலத்தில் இருந்தாலும் உடனே சொல்ல வேண்டியது. சிலந்தி வலை மாதிரி மேலாக மட்டும் இருக்கும் நுண்கீறல்கள் பெரும்பாலும் மேல்தோலோடு சரி, அவற்றை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

வார்த்த நாளின் விவரம்

இது மேஸ்திரியிடம் கேட்டு வாங்க வேண்டியது. விசாரணை மாதிரி கேட்டால் எல்லாவற்றுக்கும் "கரெக்டாதான் போட்டோம்" என்றுதான் பதில் வரும். "இன்ஜினியர் கேட்கிறார், எழுதிக் கொடுக்கணும்ணே, அன்னைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிச்சோம்?" என்று உட்கார்ந்து பேசினால் உண்மை வரும். வார்த்த தேதி, தொடங்கிய முடித்த நேரம், ஒரே மூச்சில் ஊற்றினார்களா இடைவெளி விட்டார்களா, எவ்வளவு உயரத்திலிருந்து கொட்டினார்கள் (1.5 மீட்டருக்கு மேலிருந்து கொட்டினால் ஜல்லி தனியே பிரியும் என்பதால்தான் ஐந்து ஐந்து அடியாக வார்ப்பது), வைப்ரேட்டர் போட்டார்களா கம்பியால் குத்தினார்களா, மூட்டைக்கு எவ்வளவு தண்ணீர், பாக்ஸ் பிரித்தது எப்போது. தண்ணீருக்கு ஒரு அளவுகோல் சொல்கிறேன். தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.55 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டர் சொச்சம். மணலில் ஏற்கெனவே உள்ள ஈரமும் இதற்குள் அடக்கம். மேஸ்திரி "மூணு பக்கெட்" என்றால் பக்கெட்டின் கொள்ளளவையும் பார்த்து எழுதிவிடுங்கள்.

அதே நாளில் வார்த்த மற்றத் தூண்கள் எவை, அவற்றிலும் கோடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் கலவையையோ வேலை முறையையோ சந்தேகப்படலாம். ஒன்றில் மட்டும் என்றால் அந்தத் தூணில் மட்டும் ஏதோ நடந்திருக்கிறது.

கடிதம்

புதுக்கோட்டைப் பக்கம் என் சித்தப்பா மகன் வீடு கட்டும்போது இப்படி வந்தது. அப்போது நாங்கள் உட்கார்ந்து எழுதியது கிட்டத்தட்ட இதுதான். பெயர், முகவரியை மட்டும் எடுத்துவிட்டேன்.

> 10.03.2025
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். தாங்கள் டிராயிங் கொடுத்த எங்கள் வீட்டில் (தரைத்தளம், பின்னால் மாடி எழுப்பும் திட்டத்துடன்) சி4 என்ற தூணில், வார்த்த சில நாட்களிலேயே விரிசல்கள் தெரிகின்றன. தாங்கள் நேரில் வந்து பார்த்து, வேலையைத் தொடரலாமா என்று எழுத்தில் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> தூண்: சி4, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ளது. அளவு 230 x 300 மி.மீ., பிளிந்த் பீமிலிருந்து உயரம் 10 அடி. டிராயிங்படி 16 மி.மீ. கம்பி 4, 12 மி.மீ. கம்பி 2, ரிங் 8 மி.மீ., 150 மி.மீ.க்கு ஒன்று. எம்20, வேலை நடக்கும் இடத்திலேயே மிக்ஸரில் கலந்தது, பி.பி.சி. சிமெண்ட்.
>
> வார்ப்பு: 06.03.2025 காலை 11 மணிக்குத் தொடங்கியது. சுமார் 7 அடி வரை ஊற்றிய பிறகு மிக்ஸர் பழுதாகி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நின்றது, பிறகு மீதி ஊற்றப்பட்டது. முதல் பகுதிக்கு வைப்ரேட்டர் போட்டார்கள், இரண்டாம் பகுதிக்குக் கம்பியால் குத்தினார்கள். பாக்ஸ் 07.03.2025 மாலை பிரிக்கப்பட்டது. அன்றிலிருந்து சாக்கு சுற்றித் தண்ணீர் விடுகிறோம். கியூப் எடுக்கவில்லை.
>
> விரிசல்: 09.03.2025 காலை முதலில் பார்த்தேன்.
> அ) சமையலறைப் பக்கத்து 9 அங்குல முகத்தில் நான்கு படுக்கைக் கோடுகள், தரையிலிருந்து 5, 5½, 6, 6½ அடி உயரத்தில். அகலம் சுமார் 0.2 மி.மீ. மூலையைத் தாண்டவில்லை.
> ஆ) 7 அடி உயரத்தில் ஒரு கோடு, மூன்று முகங்களில் தொடர்கிறது. அகலம் சுமார் 0.4 மி.மீ. மேலும் கீழும் நிறம் மாறியிருக்கிறது, தடவினால் படி தட்டுப்படுகிறது.
> முனைகளில் 09.03 அன்று பென்சில் குறி வைத்தேன். இன்று வரை தாண்டவில்லை.
>
> தற்போதைய நிலை: தூணின் மேல் பீமோ தளமோ இல்லை. சென்ட்ரிங் 14.03 அன்று தொடங்குவதாக இருந்தது, தங்கள் பதில் வரும்வரை நிறுத்தியிருக்கிறோம். விரிசலில் பூச்சு எதுவும் செய்யவில்லை. அதே நாளில் வார்த்த சி3, சி5 தூண்களில் விரிசல் தெரியவில்லை.
>
> தாங்கள் தெரிவிக்க வேண்டியவை: விரிசல்களின் காரணம், தூண் அப்படியே ஏற்கத்தக்கதா, சரிசெய்ய வேண்டுமானால் முறையும் பொருளும், சோதனை ஏதும் தேவையா, மாடிக்கும் சேர்த்து இந்தத் தூண் போதுமா, எப்போது வேலையைத் தொடரலாம்.
>
> படங்கள் இணைத்துள்ளேன். பார்வைக் கட்டணத்தையும் வரக்கூடிய நாளையும் தெரிவித்தால் மேஸ்திரியையும் அன்று இருக்கச் சொல்கிறேன்.
>
> நன்றி.

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். மேஸ்திரியைத் திட்டி ஒரு சொல்கூட இல்லை. "தரமில்லாத வேலை", "சிமெண்டைக் குறைச்சுட்டான்" என்றெல்லாம் எழுதினால் இன்ஜினியர் ஒரு சண்டைக்குள் இழுக்கப்படுவதாக நினைத்து, எழுத்தில் பதில் கொடுக்கவே தயங்குவார். மிக்ஸர் நின்றது என்ற உண்மை மட்டும் போதும், அதை வைத்து அவரே முடிவுக்கு வருவார். கியூப் என்பது வார்க்கும்போதே அதே கலவையில் வலிமைச் சோதனைக்காக எடுத்து வைக்கும் கட்டி, "கியூப் எடுக்கவில்லை" என்பதையும் மறைக்கவில்லை. இல்லாததை இருப்பதாக எழுதினால் சோதனை முடிவுகளோடு முட்டும். அப்புறம் கேள்விகள். "பார்த்துச் சொல்லுங்க" என்று விட்டால் "பார்த்தேன், பயமில்லை" என்று வாய்வார்த்தையில் முடிந்துவிடும். மாடியைப் பற்றிய கேள்வி தனியாக இருப்பதற்கும் காரணம் உண்டு, தரைத்தளத்துக்கு மட்டும் போதுமென்று சொல்லப்பட்ட தூணில் பத்து வருஷம் கழித்து மாடி ஏறுவது நம் ஊரில் சகஜம்.

டிராயிங் போட்டவர் பில்டரிடமே சம்பளம் வாங்குகிறவர் என்றால், நகலை அவருக்கு அனுப்பிவிட்டு, பதிவு பெற்ற வேறொரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரிடம் கருத்து கேட்பது நல்லது என்பது என் எண்ணம். டிராயிங்கையும் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள், அது இல்லாமல் புதிதாக வருகிறவரால் ஒன்றும் சொல்ல முடியாது.

அவர் வந்து என்ன செய்வார்

வந்தவுடன் கருவி எடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்ல இன்ஜினியர் முதலில் சின்னச் சுத்தியால் தட்டிக் கேட்பார், பொள்ளல் இருக்கும் இடம் வேறு சத்தம் கொடுக்கும். பிறகு ஒரு விரிசலின் மேல் உளியால் கொஞ்சம் கொத்தி, அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். இதை மறுக்காதீர்கள், தூணில் குழி விழுகிறதே என்று பதற வேண்டாம்.

எங்கள் தூணில் 6 அடிக் கோட்டைக் கொத்தியபோது, ரிங் கம்பி தெரிந்ததும் விரிசல் முடிந்துவிட்டது. டிராயிங்படி 40 மி.மீ. கவர் இருக்க வேண்டிய இடத்தில் 20கூட இல்லை. கம்பிக்கூடு அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, கவர் பிளாக் நழுவியிருக்கிறது. நான்கு கோடும் ஒரே முகத்தில் மட்டும் இருந்ததற்குக் காரணம் அதுதான். 7 அடிக் கோட்டில் அவர் ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுரண்டினார். வெளுத்த மாவு மாதிரி உதிர்ந்தது, ஒட்டாத ஜல்லி இரண்டு கையோடு வந்தது, ஒரு இடத்தில் முனை ஒரு அங்குலம் உள்ளே போனது. அதற்குமேல் அவருக்குச் சோதனை தேவைப்படவில்லை.

சோதனை சொன்னால் எது எதற்கு என்று தெரிந்திருந்தால் நல்லது. ரீபவுண்ட் ஹாமர் மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும், அதிலிருந்து கணக்கிடும் வலிமையில் 25 சதவீதம் அப்படி இப்படி இருக்கும், சில நாளே ஆன இளசான கான்கிரீட்டில் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. அல்ட்ராசோனிக் சோதனை உள்ளே வெற்றிடம், பிளவு இருக்கிறதா என்று காட்டும், கோல்ட் ஜாயிண்ட் சந்தேகத்துக்கு அது பொருத்தம். ஆனால் கோட்டுக்கு மேலொரு முனையும் கீழொரு முனையும் வைத்துப் பார்க்க வேண்டும், ஒரே மட்டத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பார்த்தால் படுக்கை விரிசல் தட்டுப்படாமல் போகலாம். கோர் வெட்டுவது, அதாவது கான்கிரீட்டில் உருளையாக ஒரு துண்டைத் துளைத்தெடுத்துச் சோதிப்பதுதான் வலிமைக்கு நேரடி ஆதாரம், ஆனால் 230 மி.மீ. தூணில் 75 அல்லது 100 மி.மீ. துளை போடுவது தூணையே பலவீனமாக்கும், கம்பியும் வெட்டுப்படலாம். யாராவது சட்டென்று "கோர் எடுத்துடலாம்" என்றால் வேறு வழியே இல்லையா என்று கேளுங்கள்.

பதில் வந்த பிறகு

எங்களுக்கு வந்த பதில் இரண்டு பகுதியாக இருந்தது. நான்கு மெல்லிய கோடுகளும் கான்கிரீட் அமர்ந்ததால் வந்தவை, தூணின் தாங்கும் திறனைப் பாதிக்காது. ஆனால் கவர் குறைவு என்பதால் கோடுகளை ஆங்கில வி வடிவில் கொத்திச் சுத்தம் செய்து பாலிமர் கலந்த சாந்தால் அடைத்து, அந்த முகம் முழுவதற்கும் அதே சாந்தில் பூச்சு கொடுக்க வேண்டும். 7 அடிக் கோட்டை அடைத்து ஏமாற்ற முடியாது, அதற்குக் கொஞ்சம் கீழேயிருந்து மேல்பகுதி முழுவதையும் உடைத்தெடுத்து மறுபடி வார்க்க வேண்டும்.

உடைக்கும்போது பெரிய பிரேக்கர் வேண்டாம், கை உளியும் சுத்தியும்தான் என்று எழுதியிருந்தார், அதிர்ச்சியில் கீழ்ப்பகுதியும் கம்பிப் பிடிப்பும் கெடும் என்பதால். நல்ல கான்கிரீட் தெரியும்வரை கொத்தி, தூசி போகக் கழுவி, மேற்பரப்பை ஈரமாக வைத்து, தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் புதுக் கலவை ஊற்ற வேண்டும். இந்த முறை வைப்ரேட்டர் இல்லாமல் ஊற்றக் கூடாது, கவர் பிளாக் நான்கு பக்கமும் இருப்பதை அவர் ஆள் வந்து பார்த்த பிறகுதான் பாக்ஸ் மூட வேண்டும், கியூப் எடுக்க வேண்டும் என்றும் இருந்தது. மூன்று அடி சொச்சம் கான்கிரீட், ஒரு மூட்டை சிமெண்டுக்குள் முடிகிற வேலை. தளம் ஏறுவதற்கு முன்னால் தெரிந்ததால்தான் இவ்வளவோடு போனது.

உங்கள் பதிலில் "சரிசெய்து தொடரவும்" என்று மட்டும் இருந்தால், எந்தப் பொருள், எவ்வளவு ஆழம், சரிசெய்து எத்தனை நாள் கழித்துப் பாரம் ஏற்றலாம் என்று மறுபடி எழுதிக் கேளுங்கள். அவர் போனில் சொல்லியிருந்தால், "தாங்கள் இன்று சொன்னபடி இதைச் செய்கிறோம்" என்று ஒவ்வொன்றாக எழுதி அவருக்கே அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். அதன் நகல் ஒன்று மேஸ்திரி கையில் இருக்கட்டும். உடைத்த பிறகு, அடைக்கும் முன், அடைத்த பின் என்று மூன்று நிலையிலும் அதே இடத்திலிருந்து படம் எடுத்து, டிராயிங் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள். மாடி எழுப்பும்போது வருகிற இன்ஜினியர் சி4 தூணைப் பற்றிக் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியது அதுதான்.